அடுத்த மாதம் ஐந்து ரூபாய் கூடும்

(வண்ணாரப்பேட்டையில் சிறுவணிகர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேரை எனக்கு முகம் தெரியும். டீக்கடை, டிபன் கடை, தையல் கடை, தண்ணீர் கேன், இஸ்திரி என்று தினமும் அதே ஆட்களுக்கு விற்றுப் பிழைக்கிறவர்கள் நாம். வெளியூர்க்காரர் ஒருமுறை வந்து வாங்கிவிட்டுப் போகிற கடையில் விலையை ஏற்றுவது பெரிய காரியமில்லை. பலகையில் எண்ணை மாற்றினால் முடிந்தது. ஆறு வருடமாக அதே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடம் விலையைக் கூட்டுவதாக எப்படிச் சொல்வது? அதைப் பற்றி மட்டும் பேசச் சொன்னார்கள். அதையே பேசுகிறேன்.

முதலில் நம் எல்லோர் வீட்டுக்கும் வந்த ஒரு விலை உயர்வைப் பார்ப்போம். 2022 நவம்பர் 4-ஆம் தேதி ஆவின் பால் விலை பற்றி அறிவிப்பு வந்தது. மறுநாளே அமல். ஆரஞ்சு பாக்கெட், அதாவது நிறைகொழுப்புப் பால், லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ரூபாய் ஆனது. அரை லிட்டர் 24 ரூபாயாக இருந்தது 30. நீலம் 40 ரூபாய், பச்சை 44 ரூபாய், இரண்டிலும் மாற்றம் இல்லை. மாத அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஆரஞ்சு பால் பழையபடி லிட்டர் 46 ரூபாய்தான். காரணமும் சொன்னார்கள். பால் ஊற்றும் விவசாயிக்குக் கொள்முதல் விலை லிட்டருக்கு 3 ரூபாய் கூட்டப்பட்டது. பசும்பால் 32-லிருந்து 35 ரூபாய், எருமைப்பால் 41-லிருந்து 44 ரூபாய்.

இந்த அறிவிப்பில் மிக நல்லது ஒன்று இருக்கிறது. எது கூடுகிறது என்று சொன்னதோடு, எது கூடவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். தினமும் வாங்குகிற குடும்பத்துக்கு அட்டை வழியாகப் பழைய விலையே கிடைக்கும்படி வைத்தார்கள். வாடிக்கையாளரைத் தற்செயலாக வருகிறவரிடமிருந்து பிரித்துப் பார்த்த முறை அது. நாமும் எடுத்துக்கொள்ள வேண்டியது.

ஆனால் இரண்டு இடத்தில் அறிவிப்பு இடறியது. ஒன்று, நேற்றுச் சொல்லி இன்று ஏற்றியது. விடிகாலை பால் பூத்தில் 24 ரூபாயை நீட்டியவரிடம் இன்னும் ஆறு ரூபாய் கேட்டால், அவர் கேள்வி அரசாங்கத்திடம் போவதில்லை. எதிரே நிற்கிற முகவரிடம்தான் வருகிறது. இன்னொன்று, காரணத்துக்கும் தொகைக்கும் இடையே இருந்த தூரம். விவசாயிக்குக் கூடியது 3 ரூபாய், ஆரஞ்சு பாக்கெட்டுக்குக் கூடியது 12 ரூபாய். நீலத்தையும் பச்சையையும் தொடாமல், அந்தச் சுமையையும் ஒரே பாக்கெட்டில் ஏற்றினால் கணக்கு அப்படி வரலாம். அதற்கு நியாயமும் இருக்கலாம். ஆனால் கேட்கிறவர் காதில் விழுவது மூன்றும் பன்னிரண்டும்தான். நடுவில் உள்ள ஒன்பதை நாம் விளக்காவிட்டால் அவரவர் மனதில் தோன்றியபடி நிரப்பிக்கொள்வார்கள்.

இரவோடு இரவாக ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 2018 ஜனவரியில் பஸ் கட்டணம் கூடியதை நினைத்துப் பாருங்கள். 19-ஆம் தேதி அறிவிப்பு, 20-ஆம் தேதி காலையிலேயே புதுக் கட்டணம். மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். பத்து நாளுக்குள் கட்டணத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டி வந்தது. ஏற்றிய பிறகு இறக்கினால், முதலில் கேட்டது தேவைக்கு மேல் என்றுதான் ஊர் முடிவு கட்டும்.

இப்போது எங்கள் மெஸ்ஸுக்கு வருகிறேன். எம்.சி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் சின்ன இடம். ஒரு நாளைக்குச் சராசரி 120 மதியச் சாப்பாடு, ஞாயிறு விடுமுறை, மாதம் 26 நாள். ஆக 3,120 சாப்பாடு. அதில் பாதி டோக்கன் புத்தகம் வாங்கினவர்கள். ஜவுளிக்கடை ஊழியர்கள், துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஓட்டுகிற டிரைவர்கள், காசிமேட்டிலிருந்து வருகிற சிலர், பக்கத்து வங்கி வாட்ச்மேன். விலையை ஏற்றுவதற்கு முன் ரொக்கமாகச் சாப்பிட்டால் 80 ரூபாய். 26 டோக்கன் கொண்ட புத்தகம் 1,950 ரூபாய், சாப்பாடு ஒன்றுக்கு 75 ரூபாய் வந்தது.

2023 மார்ச் 1-ஆம் தேதி கடைகளுக்கான 19 கிலோ சிலிண்டர் விலை ஒரே அடியாக 350 ரூபாய் 50 காசு கூடியது. சென்னையில் 2,268 ரூபாய். அதற்கு முந்தைய நாள் 1,917 ரூபாய் 50 காசு. எங்களுக்கு மாதம் 12 சிலிண்டர். 4,206 ரூபாய் கூடுதல். அதை 3,120 சாப்பாட்டில் வகுத்தால் சாப்பாட்டுக்கு 1 ரூபாய் 35 காசு. அரிசி அதற்கு முன்பே நாங்கள் வாங்கும் ரகத்தில் கிலோவுக்கு 8 ரூபாய் ஏறியிருந்தது. ஒரு சாப்பாட்டுக்கு 150 கிராம் அரிசி என்று வைத்தால் 1 ரூபாய் 20 காசு. மாஸ்டருக்கும் இரண்டு சப்ளையர்களுக்கும் தலைக்கு 2,000 ரூபாய் சம்பளம் கூட்ட வேண்டியிருந்தது. 6,000 ரூபாய், சாப்பாட்டுக்கு 1 ரூபாய் 92 காசு. மூன்றையும் கூட்டினால் 4 ரூபாய் 47 காசு. விலையில் 5 ரூபாய் கூட்டுவது என்று முடிவு செய்தோம். மீதி 53 காசு காய்கறிக்கு.

இந்தக் கணக்கை நீங்கள் போடாமல் அறிவிப்பு எழுதக் கூடாது. பத்து ரூபாய் ஏற்றினால்தான் கட்டும் என்று மனசு சொல்லும். கணக்கு ஐந்து என்று சொன்னால் ஐந்துதான். வாடிக்கையாளருக்கு முழுக் கணக்கையும் காட்டத் தேவையில்லை. கேட்டால் காட்ட முடிய வேண்டும், அவ்வளவுதான்.

காரணம் சொல்வதில் ஒரு எச்சரிக்கை. நம் கடைக்கு உண்மையில் வந்த காரணத்தை மட்டும் சொல்லுங்கள். 2022 ஜூலை 18 முதல் பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. ஆனால் அந்த வரி 25 கிலோ வரையுள்ள பைக்குத்தான். அதனால்தான் மண்டியில் 26 கிலோ மூட்டை வந்தது. நாங்கள் வாங்கியதும் 26 கிலோ மூட்டை. அந்த நேரத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்காரர், அரிசிக்கு ஜிஎஸ்டி போட்டுவிட்டார்கள் என்று சொல்லி விலையை ஏற்றினார். சாப்பிட வந்தவர்களில் ஒருவர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவர். "அண்ணே, உங்க மூட்டை 26 கிலோவாச்சே, அதுக்கு ஏது வரி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். விலை உயர்வு நியாயமானதுதான், அரிசி உண்மையிலேயே ஏறியிருந்தது. ஆனாலும் தவறான காரணத்தைச் சொன்னதால் சரியான விலையும் அன்று பொய்யாகிவிட்டது. வடசென்னையில் நம் கடைக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் அந்தப் பொருளைச் சுமந்தவராகவோ, ஏற்றி இறக்கியவராகவோ, கணக்கு எழுதியவராகவோ இருப்பார். அவர்களிடம் செய்தித்தாளில் படித்த காரணம் எடுபடாது.

2023 மார்ச் 6, திங்கட்கிழமை, நாங்கள் எழுதி ஒட்டிய தாளைப் படிக்கிறேன்.

"வாடிக்கையாளர்களுக்கு வணக்கம். ஏப்ரல் 1 முதல் சாப்பாடு 80 ரூபாயிலிருந்து 85 ரூபாயாக உயரும். 26 டோக்கன் புத்தகம் 1,950 ரூபாயிலிருந்து 2,080 ரூபாயாக உயரும். கேஸ் சிலிண்டர் விலை 350 ரூபாய் கூடியது, அரிசி விலை ஏறியது, ஏப்ரல் முதல் நம் ஊழியர்களின் சம்பளத்தைக் கூட்டுகிறோம். இவையே காரணம். சோறு, சாம்பார், ரசம், மோர் இப்போது போலவே அளவில்லாமல் தரப்படும். அரிசி ரகம் மாறாது. பார்சலுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. சம்பளத் தேதி வரை கணக்கு வைத்துக்கொள்ளும் வசதி தொடரும். கையில் உள்ள டோக்கன்கள் ஏப்ரல் 30 வரை செல்லும். மார்ச் 31 வரை பழைய விலையில் ஒருவருக்கு ஒரு புத்தகம் கிடைக்கும். சிலிண்டர் விலை 1,917 ரூபாய் 50 காசுக்குக் கீழே இறங்கினால் அடுத்த மாதப் புத்தகத்தில் 35 ரூபாய் குறைப்போம்."

முதல் வரியிலேயே புது விலை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நிறைய அறிவிப்புகள் "எங்கள் மேல் நீங்கள் வைத்திருக்கும் அன்புக்கு நன்றி" என்று தொடங்கி, தரம் பற்றி நாலு வரி பேசி, கடைசியில் தொகையைச் சின்ன எழுத்தில் வைக்கும். படிக்கிறவர் முதல் வரியிலேயே விலை ஏறப்போகிறது என்று மோப்பம் பிடித்துவிடுவார். பிறகு நடுவில் உள்ள ஒரு வரியையும் அவர் நம்ப மாட்டார். "விலை மாற்றியமைப்பு", "கட்டணச் சீரமைப்பு" என்ற சொற்களையும் விட்டுவிடுங்கள். உயர்வு என்றால் உயர்வு என்றே எழுதலாம்.

இந்தத் தாளை எங்கே ஒட்டினோம் என்பதும் முக்கியம். கல்லாவில் ஒட்டவில்லை. கல்லாவுக்கு வருகிறவர் சாப்பிட்டு முடித்து, காசை எடுத்துக்கொண்டு அவசரத்தில் இருப்பார். கை கழுவும் இடத்துக்கு மேலே ஒட்டினோம். அங்கே வரிசையில் நிற்கும்போது படிக்க நேரம் இருக்கும். ஆனால் அதோடு நிற்கவில்லை, அந்தத் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் புத்தகம் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவரிடமும் வாயால் சொன்னோம். "சார், அடுத்த மாசம் சாப்பாட்டுக்கு அஞ்சு ரூபா கூடுது. உங்க கையில இருக்கிற டோக்கனுக்கு எதுவும் கிடையாது." இவ்வளவுதான் பேச்சு. பரிமாறுகிற பையன்களுக்கும் இதைச் சொல்லிப் பழக்கினோம். சாப்பிடுகிறவர் முதலில் கேட்பது முதலாளியிடம் அல்ல, சாம்பார் வாளியோடு நிற்கிற பையனிடம்தான். அவன் "எனக்குத் தெரியாதுண்ணே" என்று சொன்னால் நாம் எதையோ மறைக்கிறோம் என்று ஆகிவிடும். அவன் சம்பளமும் கூடுகிறது என்று தெரிந்ததால் எங்கள் பையன்கள் நன்றாகவே சொன்னார்கள்.

முன்கூட்டிச் சொல்வதற்கு விலை உண்டு. அதைக் கணக்கில் சேர்க்காமல் சொல்லக் கூடாது. மார்ச் மாதம் முழுக்க ஏறிய சிலிண்டரையும் ஏறிய அரிசியையும் பழைய விலைக்கு விற்றோம். சாப்பாட்டுக்கு 2 ரூபாய் 55 காசு, மாதத்துக்கு ஏறத்தாழ 8,000 ரூபாய். சம்பள உயர்வை ஏப்ரல் 1-க்கே வைத்ததால் அது இதில் சேரவில்லை. எட்டாயிரம் நமக்குச் சிறிய தொகை இல்லை. ஆனால் புத்தகம் வாங்குகிறவர் மாதச் சம்பளத்தில் சாப்பாட்டுக்கு என்று ஒரு தொகையை எடுத்து வைத்துவிட்டவர். நடு மாதத்தில் அதை மாற்றச் சொன்னால் வீட்டுக்கு அனுப்புகிற பணத்தில்தான் கை வைப்பார். மாதக் கணக்கு வைத்திருக்கிறவருக்கு ஒரு சம்பளத் தேதியாவது இடையில் வர வேண்டும். தினக்கூலிக்காரர்கள் மட்டும் வருகிற கடையென்றால் ஒரு வாரம் போதும் என்பது என் கருத்து.

முன்கூட்டிச் சொன்னால் பழைய விலையில் பத்துப் புத்தகம் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்பீர்கள். வாங்குவார்கள். அதனால்தான் ஒருவருக்கு ஒரு புத்தகம், ஏப்ரல் 30 வரை செல்லும் என்று எழுதினோம். இந்த வரம்பை முதல் நாளே எழுத வேண்டும். கூட்டம் வந்த பிறகு வரம்பு வைத்தால் சண்டை. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். பாக்கெட் பொருள் விற்பவர்கள், அட்டையில் அச்சடித்த எம்ஆர்பி விலைக்கு மேல் பழைய சரக்கை விற்கக் கூடாது. மேலே ஸ்டிக்கர் ஒட்டி விலையைக் கூட்டுவதும் சட்டப்படி தவறு. இந்த அறிவிப்பெல்லாம் நாமே சமைக்கிற, தைக்கிற, துவைக்கிற வேலைக்குத்தான்.

மாறாதவை என்று எழுதிய வரிகளைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். அவைதான் அந்தத் தாளிலேயே கடினமானவை, ஏனென்றால் அவை வாக்குறுதி. 2023 நவம்பரில் ஆவின் பச்சை பாக்கெட்டுக்குப் பதிலாக ஊதா நிற டிலைட் பால் வரும் என்று அறிவித்தது. விலை அதே லிட்டர் 44 ரூபாய். ஆனால் பச்சையில் 4.5 சதவீதமாக இருந்த கொழுப்பு ஊதாவில் 3.5 சதவீதம். விலை மாறவில்லை என்பது உண்மை. ஆனால் பாலைக் காய்ச்சி ஆடை எடுக்கிற அம்மாவுக்கு அது விலை உயர்வுதான், பெயர் மட்டும் வேறு. எதிர்ப்பும் அப்படித்தான் வந்தது. கரண்டியைச் சின்னதாக்குவதும், அரிசி ரகத்தை இறக்குவதும், மோரில் தண்ணீர் கூட்டுவதும் இதே வகை. அளவைக் குறைப்பதாக இருந்தால் அதையும் தாளில் எழுதுங்கள். எழுதக் கூசினால் செய்யாதீர்கள். சாப்பிடுகிறவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். இரண்டாம் முறை சோறு கேட்பதை நிறுத்துவார், ரசத்தோடு எழுந்துவிடுவார். அதற்கடுத்த மாதம் புத்தகம் வாங்க வர மாட்டார். இந்த வரிசையில்தான் வாடிக்கை போகும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஐந்து ரூபாய் தாங்க முடியாதவர்களும் இருந்தார்கள். வாட்ச்மேன் பெரியவர் ஒருவர், "எனக்கு மட்டும் பழைய விலை போட்டுக்கங்க தம்பி" என்று கேட்டார். மனசு இளகியது. ஆனால் ஒருவருக்கு மட்டும் ரகசியமாகப் பழைய விலை என்றால் ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கேட்காமல் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்தான் ஏமாந்தவர்களாக நிற்பார்கள். அதனால் 60 ரூபாய்க்கு அளவு சாப்பாடு என்று ஒன்றைப் பலகையிலேயே எழுதினோம். ஒரு கிண்ணம் சோறு, சாம்பார், ரசம், மோர், ஒரு பொரியல். யார் வேண்டுமானாலும் கேட்கலாம், யாரும் யாரையும் ஏன் என்று பார்க்க வேண்டியதில்லை. பெரியவர் அதைத்தான் சாப்பிட்டார். எதிர்பாராத விதமாக ஜவுளிக்கடைப் பெண்கள் சிலரும் அதற்கு மாறினார்கள். முழுச் சாப்பாடு எங்களால் முடியவே முடியாது, இவ்வளவு நாளாக வீணாக்கிக்கொண்டிருந்தோம் என்றார்கள்.

இனி சிலிண்டர் வாக்குறுதி. கேஸ் விலையைக் காரணமாகச் சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கடை சிலிண்டர் விலையை எண்ணெய் நிறுவனங்கள் மாதம் முதல் தேதி மாற்றுகின்றன. ஏறுவதும் உண்டு, இறங்குவதும் உண்டு. சம்பளம் இறங்காது. அரிசி இறங்கினாலும் கொஞ்சம்தான். இறங்கக்கூடிய ஒன்றைக் காரணமாகக் காட்டினால், இறங்கியபோது என்ன செய்வீர்கள் என்ற கேள்வி கூடவே வரும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி சிலிண்டர் 1,852 ரூபாய் 50 காசு ஆனது. தாளில் எழுதியபடி செப்டம்பர் புத்தகத்தை 2,045 ரூபாய்க்குக் கொடுத்தோம். யாரும் கேட்பதற்கு முன்பே. ரொக்க விலையில் 1 ரூபாய் 35 காசைக் குறைக்கச் சில்லறைக்கு எங்கே போவது, அதனால் குறைப்பு புத்தகத்துக்கு மட்டும் என்று முதலிலேயே எழுதியிருந்தோம்.

அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. செப்டம்பரில் சிலிண்டர் இன்னும் இறங்கி 1,695 ரூபாய் ஆனது. பிறகு ஏறத் தொடங்கி நவம்பரில் 1,999 ரூபாய் 50 காசு. பழைய எல்லையைத் தாண்டிவிட்டது. 35 ரூபாயைத் திரும்பக் கூட்டலாமா என்று பேசினோம். இறங்கினால் குறைப்போம் என்று எழுதியிருந்தோம், மறுபடி ஏறினால் கூட்டுவோம் என்று எழுதவில்லை. எழுதாததைக் கேட்பது சரியல்ல என்று விட்டுவிட்டோம். மாதம் சுமார் 60 புத்தகம், 2,100 ரூபாய். நீங்கள் எழுதினால் இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள்.

கடைசியாக, பலன் என்ன என்று கேட்பீர்கள். மார்ச்சில் 64 புத்தகம் விற்றது. பழைய விலைக்காகச் சிலர் முன்கூட்டி வாங்கியதும் அதில் சேர்த்தி. ஏப்ரலில் 55. அந்த எண்ணைப் பார்த்துப் பயந்தேன். மே மாதம் 61. முதல் மாதத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், முன்கூட்டி வாங்கியவர்கள் அந்த மாதத்தில் கணக்கில் வர மாட்டார்கள். போனவர்களில் மூன்று பேர் விலைக்காகப் போனார்கள். அவர்களில் ஒருவர் திரும்பி வந்தார்.

அந்தத் தாளின் நகல்கள் சில கொண்டுவந்திருக்கிறேன், வாசலில் மேசைமேல் இருக்கின்றன. எண்களை அடித்துவிட்டு உங்கள் கடைக் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மாறாதவை என்ற பகுதியை மட்டும் அப்படியே எடுத்து எழுத வேண்டாம். உங்களால் ஒரு வருடம் காப்பாற்ற முடிந்ததை மட்டும் அங்கே எழுதுங்கள்.